ஏவிஎல் மரத்தில் எந்தச் சுழற்சி? இலைப் பக்கம் பார்க்காதீர்கள்

புதிதாக வேலைக்கு வருபவர்களின் நிரலைச் சரிபார்க்கும்போது ஏவிஎல் மரத்தில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சுழற்சி செய்யத் தெரிகிறது, ஆனால் நான்கு வகைகளில் எது என்று முடிவு செய்ய, புதிய எண் போய் ஒட்டிய இடத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அங்கே அல்ல.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். வேர் 50, அதன் இடது பிள்ளை 30, வலது பிள்ளை 70. 30-க்குக் கீழே இடதில் 20, வலதில் 40. இப்போது 35-ஐச் சேர்க்கிறோம். அது 40-க்கு இடது பிள்ளையாகப் போய் உட்காரும்.

இனி 35-இலிருந்து மேலே ஏறி, ஒவ்வொரு நோடிலும் இடது உயரத்திலிருந்து வலது உயரத்தைக் கழியுங்கள். 40-இல் 1 வரும், 30-இல் -1. ஏவிஎல் மரத்தில் வித்தியாசம் -1 முதல் 1 வரை இருக்கலாம் என்பதால் இரண்டும் பரவாயில்லை. 50-இல் இடது உயரம் 3, வலது 1, வித்தியாசம் 2. சமநிலை குலைந்த முதல் நோடு இதுதான்.

வகையை முடிவு செய்ய, இந்த 50-இலிருந்து புதிய எண்ணை நோக்கி இரண்டே அடி கீழே இறங்குங்கள். முதல் அடி இடது (30), இரண்டாவது வலது (40). ஆகவே இது இடது-வலது வகை. மூன்றாவது அடி, அதாவது 35 எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. பலர் சறுக்குவது இங்கேதான். கடைசி மூன்று நோடுகளான 30, 40, 35-ஐ மட்டும் பார்த்து வலது-இடது என்று முடிவு செய்து, 30-இல் சுழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 50-இன் இடது உயரம் 3 ஆகவே நிற்கும், ஒன்றும் சரியாகாது.

சரி, 50-இல் வலப்பக்கம் ஒரே ஒரு சுழற்சி போட்டால்? 30 வேராகும், ஆனால் 40 தன் 35-உடன் 50-க்குக் கீழே போய்விடும். இப்போது இடது உயரம் 1, வலது 3. சாய்வு பக்கம் மாறியதே தவிர தீரவில்லை. அதனால்தான் முதலில் 30-ஐ இடப்பக்கம் சுழற்றி, பிறகு 50-ஐ வலப்பக்கம் சுழற்றுகிறோம். கீழே bf என்பது node-இன் அந்த உயர வித்தியாசம், key என்பது புதிய எண்:

```c
if (bf > 1 && key > node->left->key) {
    node->left = rotateLeft(node->left);
    return rotateRight(node);
}
```

முடிவில் 40 வேர். அதன் இடதில் 30 (20, 35), வலதில் 50, அதன் வலதில் 70. மரத்தின் உயரம் 35 வருவதற்கு முன் இருந்த அதே 3. இது ஒரு பெரிய மரத்தின் கிளையாக இருந்திருந்தாலும் மேலே எதையும் தொட வேண்டியிருக்காது.

இந்த நிரலை அப்படியே நீக்கலுக்கு எடுத்துப் போகாதீர்கள். நீக்கிய எண்ணை ஒப்பிட்டு வகை சொல்ல முடியாது, ஏனென்றால் உயரமாக நிற்பது நீக்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே பிள்ளையின் உயர வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தவறான சுழற்சியிலும் எண்களின் வரிசை கெடாது. தேடல் சரியாகவே விடை தரும், வரிசையாக அச்சிட்டுப் பார்த்தாலும் பிழை தெரியாது. அதனால் சோதனையில் ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும், சேமித்து வைத்த உயரத்தை நம்பாமல் எல்லா நோடுகளின் உயரத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, வித்தியாசம் எங்காவது 1-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.