லைட் அணைந்துவிட்டது, ஆனால் டயரில் காற்று இல்லை

போன மாதம் ஒரு தம்பி திருப்பூரிலிருந்து அவிநாசி ரோடு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு கோயமுத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும், வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றார். அலைன்மெண்ட்டில் ஏற்றுவதற்கு முன்னால் காற்று பார்ப்பது வழக்கம். மூன்று டயரில் 32, 33 பிஎஸ்ஐ. இடப்பக்கப் பின் டயரில் 17. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 33.

“உங்க வண்டியில டயர் லைட் வரும்ங்களே, எரியலையா?” என்று கேட்டேன்.

“நாலு நாளைக்கு முன்னாடி எரிஞ்சதுங்கண்ணா. ரீசெட் பட்டன அமுக்கினேன், அணைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லைங்க.”

இதே கதையை மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது சொல்கிறார்கள். எல்லா வண்டியிலும் டேஷ்போர்டில் எரிவது அதே மஞ்சள் லைட்தான், குதிரை லாடத்துக்கு நடுவில் ஆச்சரியக்குறி போட்டது மாதிரி. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு இரண்டு வகை. ஒன்று டயருக்குள்ளேயே உட்கார்ந்து காற்றை அளக்கும், அது டைரக்ட். இன்னொன்று இன்டைரக்ட், அதற்குக் காற்று எவ்வளவு இருக்கிறது என்று தெரியவே தெரியாது, சக்கரம் சுற்றுவதைப் பார்த்து ஊகிக்கும். தம்பியின் வண்டியில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

அது எப்படி ஊகிக்கிறது என்றால், காற்று இறங்கிய டயர் கொஞ்சம் அமுங்கும், சக்கரத்தின் நடுவுக்கும் தரைக்கும் உள்ள தூரம் குறையும், அதனால் அதே தூரத்தைக் கடக்க அந்தச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். பிரேக்குக்காக ஏபிஎஸ் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை எண்ணும் சென்சார் ஏற்கனவே இருக்கிறது. அதே எண்ணிக்கையை வைத்து எந்தச் சக்கரம் மற்றதை விட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கிறார்கள். கூடுதல் சென்சார் வேண்டியதில்லை, வேலை முழுக்க சாஃப்ட்வேரில்தான்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 527 சுற்று சுற்றும். 33ல் இருந்து 24க்கு இறங்கினால் அதன் உருளும் ஆரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் குறையும், அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று கூடும். அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு யூ டர்ன் அடித்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தை விட நாலரை மீட்டருக்கு மேல் அதிகம் ஓடும், அதுவே இரண்டு சுற்றுக்கு மேல். ஆக, டயர் சொல்லும் செய்தி வளைவுகளின் இரைச்சலில் மூழ்கிப் போகும் அளவுக்குச் சின்னது.

இதற்கு ஆரம்ப காலத்தில் கண்டுபிடித்த வழி அழகானது. முன் இடதையும் பின் வலதையும் கூட்டு, முன் வலதையும் பின் இடதையும் கூட்டு, இரண்டு கூட்டுத்தொகையையும் ஒப்பிடு. வளைவில் ஒரு பக்கம் முழுக்கக் கூடும், மறுபக்கம் முழுக்கக் குறையும், குறுக்காகக் கூட்டினால் இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது டயரின் வித்தியாசம் மட்டும். ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டையும் இருக்கிறது: ஒரே பக்கத்து இரண்டு டயரும் சமமாக இறங்கினால் அதுவும் அடிபட்டுப் போகும். நான்கும் சேர்ந்து மெல்ல இறங்கினால், நாலு மாதம் காற்றே பார்க்காத வண்டியில் நடப்பது இதுதான், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இராது, லைட்டும் வராது.

அதனால் இப்போதைய வண்டிகளில் இன்னொரு சோதனையையும் சேர்த்திருக்கிறார்கள். ரோட்டின் கரடுமுரடில் டயர் அதிர்கிறது, அந்த அதிர்வில் சக்கரத்தின் வேகம் துளித்துளியாக ஏறி இறங்குகிறது, அதையும் ஏபிஎஸ் சென்சார் பிடித்துவிடுகிறது. மிருதங்கத்தின் தோல் தளர்ந்தால் சுருதி இறங்குமே, அதே மாதிரி காற்று குறைந்த டயரின் அதிர்வெண்ணும் இறங்கும். வினாடிக்கு 40 முறை என்பதை ஒட்டிய அதிர்வு அது. இதை ஒவ்வொரு சக்கரத்திலும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்பதால் நான்கும் சேர்ந்து இறங்கினாலும் தெரிந்துவிடும். என்ன, வண்டி கொஞ்ச நேரம் ஓடினால்தான் தெரியும். ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டியில் ஆணி குத்திக் காற்று போயிருந்தால், காலையில் சாவி போட்டவுடன் இந்த வகை லைட் எரியாது.

இங்கேதான் ரீசெட் பட்டன் வருகிறது. இந்த வகைக்கு 33 என்ற எண்ணே தெரியாது. ரீசெட்டை அமுக்கினால் அதன் அர்த்தம் “இப்போது இருக்கிற நிலைதான் சரியான நிலை, இதை மனப்பாடம் செய்துகொள்” என்பது. தம்பி அமுக்கியபோது டயரில் சின்ன ஸ்க்ரூ ஏறியிருந்தது, காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. லைட் வந்தபோது 24, 25 இருந்திருக்கும். அமுக்கியவுடன் லைட் அணைந்தது, அணையத்தான் செய்யும். அதற்கப்புறம் சில பத்து நிமிட ஓட்டத்தில், வெவ்வேறு வேகங்களில், வண்டி புதிதாகக் கற்றுக்கொள்கிறது. அதற்குள் டயர் 20க்கு வந்திருக்கலாம், அதையே சரியான அளவாக எடுத்துக்கொண்டிருக்கும். 20க்குப் பக்கத்தில் 17 என்பது பதினைந்து சதவீதக் குறைவுதான். லைட் ஏன் எரியப் போகிறது?

டயரைக் கழற்றி ரிம்மிலிருந்து பிரித்தோம். உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூள், காபித் தூள் மாதிரி. உள்பக்கச் சுவரில் வட்டமாக ஒரு கோடு தேய்ந்து, ஓரிடத்தில் நூல் இழை எட்டிப் பார்த்தது. காற்றில்லாமல் ஓடியதில் பக்கச் சுவர் மடிந்து மடிந்து தன்னையே அரைத்துக்கொண்டதன் தூள் அது. பஞ்சருக்கு ஸ்ட்ரிப் குத்தினால் நூறு இருநூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை, டயரே போயிற்று. வெளியில் இருந்து பார்த்தால் அந்த டயரில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் காற்று ரொம்ப இறங்கி ஓடிய டயரைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் குத்தி அனுப்ப நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு டயர் மட்டும் புதிதாகப் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புது டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பரின் உயரம், எட்டு மில்லிமீட்டர் இருக்கும், தேய்ந்ததில் மூன்று இருக்கும். காற்று இறங்குவதால் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் என்றேனே, இது ஐந்து. ரீசெட் செய்யாமல் விட்டால் ஒன்று, சும்மா இருக்கும் டயருக்கு லைட் எரியும், இல்லையென்றால் புது டயரில் காற்று நன்றாக இறங்கும் வரை வாயே திறக்காது. டயர் மாற்றினாலும் முன்பின் மாற்றிப் போட்டாலும், டயர் ஆறியிருக்கும்போது நான்கிலும் ஸ்டிக்கர் அளவுக்குக் காற்று வைத்துவிட்டு, அப்புறம் ரீசெட். இந்த வரிசை மாறக்கூடாது.

டைரக்ட் வகையில் இந்தத் தொல்லை கிடையாது. வால்வின் உள்முனையில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சென்சார், அதற்குள் பேட்டரி, எல்லாம் சேர்த்து மூடி ஒட்டியது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, தன் அடையாள எண்ணோடு சேர்த்து ரேடியோ அலையில் அனுப்பும். பேட்டரியை மிச்சம் பிடிக்க வண்டி நிற்கும்போது பெரும்பாலும் தூங்கும், சக்கரம் சுழல்வதை உணர்ந்து விழிக்கும், ஓடும்போது சுமார் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும், அழுத்தம் சட்டென்று விழுந்தால் உடனே கத்தும். திரையில் ஒவ்வொரு டயருக்கும் பிஎஸ்ஐ எண் வருகிறதென்றால் பெரும்பாலும் உங்களுடையது இதுதான். எண் எதுவும் வராமல் லைட்டும் ரீசெட்டும் மட்டும் என்றால் பெரும்பாலும் தம்பியின் வகை.

இதுவும் குழப்பும், ஆனால் வேறு மாதிரி. ஊட்டிக்குப் போனவர்கள் காலையில் போன் செய்வார்கள்: லைட் எரியுதுங்க, பெட்ரோல் பங்கில் பார்த்தால் 29, 30 காட்டுது, சென்சார் போயிடுச்சா? போகவில்லை. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 30 இருந்த டயர், ஊட்டியின் 10 டிகிரி குளிரில் சுமார் 4 பிஎஸ்ஐ இழக்கும். அந்த 26, 33க்கு இருபது சதவீதம் குறைவு, லைட் வந்துவிடும். பங்கிலோ கையிலோ வைக்கும் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தை விட மூன்றரை பிஎஸ்ஐ குறைவு என்பதால் அது கூட்டிக் காட்டும். பல சென்சார்கள் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அளப்பவை, வெளிக்காற்றை வண்டி கணக்கில் சேர்க்காவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. எப்படியும், கீழே கிளம்பும்போதே 33 இருந்திருந்தால் இந்த போனே வந்திருக்காது.

சென்சார் உண்மையிலேயே போனால் லைட் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: வண்டியை ஆன் செய்தவுடன் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரியும். காற்றுக் குறைவுக்குச் சிமிட்டாமல் நேராக எரியும். பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். அதற்கு முன்னாலேயே உடைப்பது எங்களைப் போன்றவர்கள்தான். டயர் மெஷினில் டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிக்கும் தகடு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் சென்சார் நொறுங்கும். எங்கள் பட்டறையிலேயே ஒரு பையன் உடைத்து, கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதனால் டயர் மாற்றக் கொடுக்கும்போது “உள்ளே சென்சார் இருக்கு” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வால்வு வழியாக ஊற்றும் பஞ்சர் திரவமும் சென்சாரின் ஊசித்துளையை அடைத்துவிடலாம்.

2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்திய பிறகு, டியூப்லெஸ் டயரும் ரிப்பேர் கிட்டும் இந்தக் கண்காணிப்பும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. தம்பியின் வண்டியில் ஸ்டெப்னி இருந்தது. புது டயர் வந்து சேரும் வரை அதையே மாட்டிவிடலாம் என்று டிக்கியைத் திறந்து கேஜ் வைத்தேன். டிக்கியில் படுத்திருக்கும் சக்கரம் சுற்றுவதில்லை, அதனால் இன்டைரக்ட் அதைக் கணக்கிலேயே எடுக்காது. டைரக்ட் வண்டிகளிலும் ஸ்டெப்னிக்கு சென்சார் வைத்துத் தருவது அபூர்வம்.

12 காட்டியது.