முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு: முதல் அரசுப் பணியில் சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றிலிருந்து ஓய்வு பெறும் வீரர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே வெளியே வருகிறார்கள். அவர்களுக்காக மத்திய அரசின் நேரடி நியமனங்களில் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதமும், முன்பு குரூப் டி என்று அழைக்கப்பட்ட கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசுடைமை வங்கிகளிலும் இந்த அளவு முறையே 14.5 மற்றும் 24.5 சதவீதம், போரில் உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் உரிய 4.5 சதவீதமும் அதில் அடங்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பவை 1979-ஆம் ஆண்டின் மறுபணியமர்த்தல் விதிகளும், அவற்றையொட்டிப் பணியாளர் நலத்துறை அவ்வப்போது வெளியிட்ட ஆணைகளும் ஆகும்.

சதவீதம் பலருக்கும் தெரியும். ஆனால் இந்தச் சலுகை எப்போது கைக்கு வருகிறது, எப்போது கைவிட்டுப் போகிறது என்பது தெரியாததால்தான் தகுதியுள்ளவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள். ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதைப் பார்க்கலாம். அவர் பத்தாம் வகுப்பு முடித்து 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். ஆர்டினன்ஸ் பிரிவில் ஸ்டோர்கீப்பராக உதிரிபாகக் கிடங்குகளைக் கவனித்து, 17 ஆண்டுப் பணியை முடித்து 36 வயதில் ஓய்வூதியத்துடன் வெளியே வருகிறார்.

முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்து, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட காரணம் எழுதப்பட்டிருக்கும் வரியைப் படிக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்து வெளியேறியவரும், சொந்த விருப்பத்தில் வெளியேறினாலும் ஓய்வூதியத் தகுதி பெற்றுவிட்டவரும் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஓய்வூதியத்துக்குரிய 15 ஆண்டுகளை எட்டுவதற்கு முன்பே சொந்த விருப்பத்தில் விலகியவர் பொதுவாக இதற்குள் வருவதில்லை. ஆகவே, பதினான்காவது ஆண்டில் விலகல் விண்ணப்பம் எழுதுகிறவர், ஓய்வூதியத்தோடு இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.

அடுத்தது வயது. விண்ணப்பதாரரின் உண்மையான வயதிலிருந்து படைப்பணி செய்த காலத்தைக் கழித்து, மீதமுள்ள வயது அந்தப் பதவிக்குரிய உச்சவரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். பதவியின் உச்சவரம்பு 27 என்று வைத்துக்கொள்வோம். நம் வீரருக்கு 36-இல் 17 போக 19 வருகிறது; எந்தச் சிக்கலும் இல்லை. அவர் சில ஆண்டுகள் ஊரில் வீடு கட்டுவதிலும் பிள்ளைகளின் படிப்பிலும் கழித்துவிட்டு 46 வயதில் விண்ணப்பித்தாலும் கணக்கு 29 என்றுதான் வரும், தகுதி இருக்கும். 48 வயதில் விண்ணப்பித்தால் 31 ஆகி, 30 என்ற எல்லையைத் தாண்டிவிடும். வங்கி எழுத்தர் தேர்வில் இதே கணக்கோடு, மொத்த வயது 50-ஐத் தாண்டக்கூடாது என்ற தனி வரம்பும் உண்டு.

கல்வித் தகுதியில் ஒரு முக்கியமான சலுகை இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவரோ, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் அல்லது மற்ற இரு படைகளில் அதற்கு இணையான சான்றிதழ் பெற்றவரோ, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படைப்பணி செய்திருந்தால், பட்டப்படிப்பு கேட்கப்படும் குரூப் சி பதவிகளின் ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தகுதியானவராகக் கருதப்படலாம். இதற்கான சான்றை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் வழங்குகிறது. ஆனால் அந்தச் சான்று பல்கலைக்கழகப் பட்டம் ஆகிவிடாது; குரூப் பி பதவிக்கு அது உதவாது. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று அறிவிக்கையில் சொல்லப்பட்ட பதவிகளுக்கும் அது செல்லாது. ரயில்வேயில் டெக்னீஷியன் வேலைக்கு ஐடிஐ கேட்டிருந்தால், படையில் வாகன மெக்கானிக்காக இருபது ஆண்டுகள் இருந்தவரும் தன் ட்ரேடு எந்தச் சிவில் ட்ரேடுக்கு இணையானது என்பதைத் தனியாகக் காட்டியாக வேண்டும்.

இணைத்தன்மையைக் காட்டுவதில்தான் கிடங்கு, போக்குவரத்துப் பிரிவுகளில் இருந்தவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ட்ரேடின் பெயர் சுருக்கெழுத்தாக இருக்கும். அவர் எத்தனை வகைப் பொருள்களைக் கணக்கில் வைத்திருந்தார், இருப்புச் சரிபார்ப்பை எப்படிச் செய்தார், எந்தக் கணினிப் பதிவைக் கையாண்டார் என்பதெல்லாம் அதில் இருக்காது. தேர்வு வாரியமோ தனியார் கிடங்கின் மேலாளரோ கேட்பது அந்த விவரங்களைத்தான். யூனிட்டில் இருக்கும்போதே பணி விவரச் சான்றும் முடித்த படிப்புகளின் சான்றுகளும் கையொப்பத்துடன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விலகிய பின் கடிதம் எழுதிக் காத்திருப்பது மிகவும் கடினம். படை ட்ரேடுகளுக்கு இணையான சிவில் ட்ரேடுகளைக் குறிக்கும் பட்டியலை மத்திய அரசின் மறுகுடியமர்வு தலைமை இயக்ககம் வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பத்தோடு அதற்குரிய பக்கத்தையும் இணைக்கலாம்.

பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிய ஓராண்டுக்குள் இருப்பவர், தன் அதிகாரியிடம் தடையின்மைச் சான்று பெற்று எல்லாச் சலுகைகளோடும் விண்ணப்பிக்கலாம். ஆனால் காலம் முடியும் வரை சீருடையைக் கழற்ற முடியாது. அந்த ஓராண்டுதான் மிகவும் பயனுள்ள காலம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் அடுத்து வரும் விதி.

ஒதுக்கீட்டின் பயனைப் பெற்று ஓர் அரசுப் பணியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டவருக்கு, மறுபடியும் ஒதுக்கீடு கேட்கும் உரிமை முடிந்துவிடுகிறது. நம் வீரர் வங்கிக் காவலர், வங்கி எழுத்தர், மத்திய அரசுத் துறையின் ஸ்டோர்கீப்பர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் விண்ணப்பித்திருக்கிறார். முதலில் காவலர் வேலை கிடைக்கிறது. வீட்டுச் செலவை நினைத்து உடனே சேர்கிறார். சில மாதங்களில் ஸ்டோர்கீப்பர் தேர்வின் முடிவு வருகிறது. அவர் ஒதுக்கீட்டில் அந்த வேலைக்குப் போக முடியுமா?

முடியும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காவலர் பணியில் சேரும்போதே, அதற்கு முன் எந்தெந்தப் பதவிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தார் என்ற பட்டியலைச் சுய உறுதிமொழியாக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் மாத ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பட்டியலில் இருக்கும் பதவிகளுக்கு ஒதுக்கீடு தொடரும். சேர்ந்த பிறகு வெளியான அறிவிக்கைகளுக்குத் தொடராது. பிறகு மேல்நிலைப் பதவிக்கு முயன்றால் வயதுத் தளர்வு மட்டும் கிடைக்கும். அதனால் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பதிவு எண்ணோடு கூடிய அச்சுப் பிரதியை எடுத்து ஒரே கோப்பில் வைத்திருப்பது அவசியம். பணியில் சேரும் நாளில் உறுதிமொழியை இரண்டு பிரதிகளாகக் கொடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய வேலைக்குச் செல்லப் பழைய பணியிலிருந்து விடுவிக்கக் கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பிரதியாக இருக்கும்.

தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பதோ, அரசு அலுவலகத்திலேயே ஒப்பந்த, தற்காலிக அடிப்படையில் இருப்பதோ இந்த உரிமையைப் பாதிக்காது. தமிழ்நாட்டில் அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் காவல் பணியில் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்களும், சரக்கு நிறுவனங்களின் கிடங்குகளில் மேற்பார்வையாளராக இருப்பவர்களும் தயக்கமின்றி ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவுகளுக்குக் காத்திருக்கும் காலத்தில் குடும்பத்தை நடத்த இத்தகைய வேலைகளையே முதலில் பார்ப்பது, அவசரப்பட்டுக் கடைநிலை அரசுப் பணியில் சேர்வதைவிடப் பல நேரங்களில் லாபமானது.

மறுபணியில் சேரும் வீரரின் படை ஓய்வூதியம் நிறுத்தப்படுவதில்லை. அதிகாரி நிலைக்குக் கீழே பணியாற்றியவர்களுக்கு, ஓய்வூதியத்தைச் சிறிதும் கணக்கில் எடுக்காமல், புதிய பதவியின் தொடக்கச் சம்பளம் நிர்ணயிக்கப்படுகிறது.

விலகிய பின், டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெற வேண்டும். வேலைவாய்ப்புக்கான பதிவையும் அங்கேயே செய்யலாம். பதிவைக் காலாவதியாக விடாமல் உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.