‘வரை’யும் ‘க்குள்’ளும்: ஆங்கிலத் தேர்வின் கோடிட்ட இடத்தில் நேரும் சறுக்கல்

போட்டித் தேர்வுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம், ஒரு மாணவர் தவறான பிரிப்போசிஷனை எழுதியிருந்தால், அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்லிப் பார்த்தார் என்று அவரிடமே கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர் சொல்லும் தமிழில் பிழையே இருக்காது. அந்தச் சரியான தமிழ்தான் அவரைத் தவறான விடைக்கு அழைத்துச் சென்றிருக்கும். ‘பை’, ‘அன்டில்’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களில் இதை மிகத் தெளிவாகக் காணலாம்.

அண்மையில் ஒரு பயிற்சித் தேர்வில், ஜூன் 10ஆம் தேதியைக் கெடுவாகக் கொண்டு கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்ற பொருளில், ‘த ஃபீஸ் மஸ்ட் பி பெய்ட் ____ ஜூன் 10’ என்ற வாக்கியத்தைக் கொடுத்திருந்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் அதில் ‘அன்டில்’ என்று எழுதியிருந்தார். காரணம் கேட்டபோது, “ஜூன் 10 வரை கட்டணம் செலுத்தலாம் என்றுதானே சார் அறிவிப்புப் பலகையில் போடுவார்கள்? ‘வரை’ என்றால் ‘அன்டில்’தானே?” என்றார். அவர் சொன்ன தமிழ் முழுவதும் சரி, ‘வரை’க்கு ‘அன்டில்’ என்பதும் பொதுவாகச் சரி. ஆனாலும் விடை ‘பை’தான்.

ஒரே கெடுவை இரண்டு கோணங்களில் சொல்ல முடியும் என்பதே இதற்குக் காரணம். கட்டணம் வாங்கும் கவுண்டர் ஒவ்வொரு நாளும் திறந்திருக்கிறது, 10ஆம் தேதியோடு அது நின்றுவிடுகிறது என்று பார்த்தால், தொடர்ந்து நடக்கும் ஒன்றின் முடிவை நாம் சொல்கிறோம். ஆகவே ‘ஃபீஸ் வில் பி அக்செப்டட் அன்டில் ஜூன் 10’ என்பது சரியான ஆங்கிலம். மாணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டுவது ஒரே ஒரு முறை நடந்து முடியும் செயல். அது 5ஆம் தேதியும் நடக்கலாம், 9ஆம் தேதியும் நடக்கலாம், ஆனால் 10ஆம் தேதியைத் தாண்டக்கூடாது. இங்கே ‘பை’ வரும். தமிழில் ‘செலுத்தலாம்’ என்றால் ‘வரை’யும் ‘செலுத்த வேண்டும்’ என்றால் ‘க்குள்’ளும் இயல்பாக வந்து உட்காருகின்றன. அறிவிப்புப் பலகையில் பழகிய ‘செலுத்தலாம்’ என்ற சொல்லையே அந்த மாணவி மனத்தில் வைத்திருந்தார். ஆனால் வினாவில் இருந்ததோ ‘மஸ்ட்’. அதைத் தமிழில் ‘செலுத்தப்பட வேண்டும்’ என்று மாற்றிப் படித்திருந்தால், ‘10ஆம் தேதி வரை செலுத்தப்பட வேண்டும்’ என்பது அவர் காதுக்கே இடறியிருக்கும்.

எனவே கோடிட்ட இடத்தையடுத்து வரும் தேதியையோ மணியையோ பார்ப்பதற்கு முன் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். காத்திரு, தங்கு, தூங்கு, வேலை செய், திறந்திரு போன்றவை நீண்டு நடப்பவை. அவற்றின் நடுவே ‘கொண்டே’ என்று சேர்த்துப் பார்த்தால் பொருந்தும்: ஐந்து மணி வரை காத்துக்கொண்டே இருந்தேன். ஒப்படை, திருப்பிக் கொடு, முடி, வந்து சேர் போன்றவை ஒரு கணத்தில் முடிபவை. அவற்றுடன் ‘விட வேண்டும்’ என்று சேரும்: ஐந்து மணிக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். முதல் வகைக்கு ‘அன்டில்’, இரண்டாவதற்கு ‘பை’ என்று கொண்டால், இந்த இணையைச் சோதிக்கும் நேரான வினாக்கள் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் ‘க்குள்’ என்றாலே ‘பை’ என்று மனப்பாடம் செய்துகொள்பவர்களுக்கு இன்னொரு இடத்தில் அடி விழுகிறது. தமிழில் ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் சொல்கிறோம், ‘மூன்று நாட்களுக்குள்’ என்றும் சொல்கிறோம். முதலாவது நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளி, இரண்டாவது ஒரு கால அளவு. ஆங்கிலத்தில் புள்ளிக்குத்தான் ‘பை’ வரும், அளவுக்கு ‘விதின்’ அல்லது ‘இன்’ வரும். ‘பை த்ரீ டேஸ்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவ்வாறே ‘வரை’யும் நேரத்தோடு நிற்பதில்லை. ‘மதுரை வரை இந்தப் பேருந்து போகும்’ என்று இடத்திற்கும், ‘ஐம்பது பேர் வரை உட்காரலாம்’ என்று எண்ணிக்கைக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ‘அன்டில்’ ஊர்ப்பெயரையோ எண்ணிக்கையையோ நேரடியாக ஏற்காது. முன்னதற்கு ‘அஸ் ஃபார் அஸ்’, பின்னதற்கு ‘அப் டு’ என்றுதான் எழுத வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது எதிர்மறை வாக்கியம். ‘பத்து மணி வரை ரயில் வரவில்லை’ என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. ‘த ட்ரெயின் டிட் நாட் அரைவ் அன்டில் டென்’ என்றால், ரயில் பத்து மணிக்கு வந்துவிட்டது, அதற்கு முன் வரவில்லை என்று பொருள். ‘த ட்ரெயின் ஹேட் நாட் அரைவ்ட் பை டென்’ என்றால், பத்து மணிக்குப் பார்த்தபோதும் ரயில் வந்திருக்கவில்லை, பிறகு வந்ததா என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. வந்து சேர்வது ஒரு கணச் செயல் என்ற முந்தைய விதியை மட்டும் நம்பினால் முதல் வாக்கியத்தில் ‘பை’ போடத் தோன்றும். அங்கே நீண்டு நிற்பது ரயிலின் வருகையன்று, அது வராமல் இருந்த நிலை. அதனால்தான் ‘அன்டில்’ பொருந்துகிறது. தேர்வறையில் இதைப் பிரித்தறிய வினைமுற்றின் காலமே கைகொடுக்கிறது: ‘டிட் நாட்’ இருந்தால் ‘அன்டில்’, ‘ஹேட் நாட்’ இருந்தால் பெரும்பாலும் ‘பை’.

‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ மூன்றிலும் சிக்கல் வேறு விதமானது, அங்கே தமிழிடம் கேட்டுப் பயனில்லை. வாசலில், மேசையில், அறையில் என்று தமிழ் ‘இல்’ என்ற ஒரே உருபோடு நிறுத்திக்கொள்கிறது. ஆங்கிலமோ வாசலை ஒரு புள்ளியாகப் பார்த்து ‘அட்’ என்றும், மேசையைப் பரப்பாகப் பார்த்து ‘ஆன்’ என்றும், அறையைச் சுற்றிலும் அடைப்புள்ள இடமாகப் பார்த்து ‘இன்’ என்றும் கேட்கிறது. நேரத்திலும் ‘காலையில்’ என்பதற்கு ‘இன் த மார்னிங்’ என்று எழுதிப் பழகிய கை, ‘திங்கட்கிழமை காலையில்’ என்பதற்கும் ‘இன்’ என்றே எழுதிவிடுகிறது. கிழமையோ தேதியோ சேர்ந்துவிட்டால் ‘ஆன் மண்டே மார்னிங்’ என்று ‘ஆன்’தான் வரும். வினா தயாரிப்பவர்களுக்கு இது தெரியும், அதனால் விருப்பத்தேர்வுகளில் ‘இன்’னைத் தவறாமல் வைப்பார்கள்.

கடைசியாக, வினைச்சொல் பார்க்கும் முறையே கைவிடும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ‘ஹி வாஸ் அஸ்லீப் ____ டென்’ என்பதில் தூங்கிக்கொண்டிருத்தல் நீண்ட நிலை என்று ‘அன்டில்’ போட்டால், பத்து மணி வரை தூங்கினான் என்று சரியாகவே பொருள் தரும். ‘பை’ போட்டாலும் இலக்கணம் இடிக்காது, ஆனால் பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிட்டான் என்று பொருள் தலைகீழாக மாறிவிடும். நம் பேச்சில் இருக்கும் ‘க்கெல்லாம்’ என்ற அந்த ஈறுதான் இத்தகைய ‘பை’க்கு மிக நெருங்கியது. இப்படிப்பட்ட வினாவில் பக்கத்து வாக்கியம் காலைப்பொழுதைப் பற்றியதா இரவைப் பற்றியதா என்பதைப் பார்த்தே விடையை முடிவு செய்ய முடியும். பக்கத்து வாக்கியம் இல்லாமல் இரண்டு விருப்பத்தேர்வுகளையும் கொடுத்திருந்தால் பிழை வினாத்தாளில் இருக்கிறது, விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபணை தெரிவிக்கலாம்.