தஞ்சைப் பெரிய கோயில்: உச்சிக்குக் கல் ஏறிய கணக்கு

தஞ்சாவூர் காவிரி வண்டல் சமவெளியின் ஓரத்தில் இருக்கிறது, அருகில் கருங்கல் பாறை கிடையாது. ஆனால் இராசராசன் 1010இல் முடித்த பெரிய கோயிலின் விமானம், ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு முழுக்க முழுக்கக் கருங்கல். அந்தக் கல்லுக்குத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளைத்தான் நாட வேண்டும். நார்த்தாமலை போன்ற இடங்களின் பாறைகளில் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் குழிகளில்தான் கல்லுடைப்பின் சூட்சுமம் இருக்கிறது. கருங்கல்லை நசுக்குவது கடினம். இழுத்துப் பிளப்பது அதைவிடப் பல மடங்கு எளிது. உளியால் ஒரே கோட்டில் சிறு குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, வரிசை முழுவதையும் மாறி மாறித் தட்டுவார்கள். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் விளிம்பு சிதறிவிடும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் குழிக்குக் குழி விரிசல் இணைந்து கல் நேர்கோட்டில் பிளக்கும். தட்டும்போது எழும் ஓசை மாறுவதைக் கேட்டே விரிசல் ஓடுவதை அறியலாம். காய்ந்த மர ஆப்பில் நீர் ஊற்றி ஊதவைத்துப் பிளக்கும் முறையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எந்த நொடியில், எவ்வளவு அழுத்தம் என்பதைக் கையில் வைத்திருக்க விரும்பும் கல்தச்சன் இரும்பைத்தான் எடுப்பான் என்பது என் எண்ணம்.

பலகைக் கல் வேண்டுமென்றால் நெருப்பு. பாறை மேல் விறகை எரித்து, அந்தத் தீயை மெல்ல நகர்த்துவார்கள். சூடேறிய மேல்தோல் விரிய, அடியில் உள்ள குளிர்ந்த பாறை விரிய மறுக்க, இரண்டும் தனித்தனியாகப் பிரியும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலான ஓசை வந்தால் அந்த இடம் பிரிந்துவிட்டது என்று அறிந்து தீயை முன்னே தள்ளுவார்கள். பெங்களூரு அருகே 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இது நடந்தது பதிவாகியிருக்கிறது.

உடைத்த கல்லை வண்டியிலோ உருளைக்கட்டைகள் மீதோ கொண்டுவந்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். உச்சியில் 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் இருக்கிறது, அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து 6 கிலோமீட்டர் நீளச் சாய்தளம் அமைத்து ஏற்றினார்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அணைத்த மண் செங்குத்தாக நிற்காது. 1 மீட்டர் உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டராவது சரிய வேண்டும். மேலே 10 மீட்டர் அகலப் பாதை, 6 கிலோமீட்டர் நீளம், முடிவில் 60 மீட்டர் உயரம் என்றால், ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். விமானத்தையே சுற்றி 30 மீட்டர் சதுரத்தில் 60 மீட்டர் உயரப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்தால், அதைப்போல் 230 பெட்டிகள். மேலும் அது 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் தளம். அவ்வளவு மென்மை தேவையே இல்லை. 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றமாக்கினால் நீளமும் மண்ணும் பத்தில் ஒன்றாகிவிடும்.

இனி இழுவை. அந்த ஏற்றத்தில், உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு என்று கொண்டால், கல்லின் எடையில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு விசை வேண்டும். 80 டன்னுக்கு 32 டன். ஒருவர் தொடர்ந்து 27 கிலோ விசையில் வடம் இழுத்தால், ஏறத்தாழ 1,200 பேர். வரிசைக்கு எட்டுப் பேர், இரண்டு வரிசைக்கு இடையே 1 மீட்டர் என்று நிறுத்தினால், கூட்டம் 150 மீட்டர் நீளும். கல் உச்சியை நெருங்கும்போது இவர்கள் எங்கே நிற்பார்கள்? கல்லுக்கு முன்னால் ஆகாயம்தான் இருக்கிறது. வடத்தை மரத்தூணில் திருப்பிக் கீழ்நோக்கி இழுக்கலாம். ஆனால் தூணில் உராய்ந்து விசையில் ஒரு பங்கு வீணாகும், வடமும் தேயும்.

கல் 2 டன் மட்டும் என்றால்? வேண்டிய விசை 0.8 டன், 30 பேர் போதும். நாலு வரிசையில் நின்றுவிடுவார்கள். கல் வழுக்காமல் பின்னாலேயே முட்டுக்கட்டை போட்டுக்கொண்டு வர இருவர். சிகரம் உண்மையில் ஒரே கல் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது. ஆரஞ்சுச் சுளைகளைப்போல் பொருந்தி ஒரே உருண்டையாகத் தெரிகிறது. 80 டன் கதையைவிட இந்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரிய கல்லை ஏற்ற ஆள்பலம் போதும். மேலே போய்ச் சேர்ந்ததும் இடைவெளியில்லாமல் உட்காரும்படி துண்டுகளைச் செதுக்க அளவுக்கோலும் கண்ணும் வேண்டும்.

விமானம் மேலே போகப்போகக் குறுகுவதும் இங்கே உதவுகிறது. திண்ணமான ஒரு கூம்பில், பாதி உயரத்துக்குள்ளேயே எட்டில் ஏழு பங்கு கல் அடங்கிவிடும். உள்ளே குடைவாக இருப்பதால் இங்கே விகிதம் மாறும், ஆனால் பெரும்பங்கு கீழேதான். எனவே கீழ்த்தளங்களுக்குக் குட்டையான சாய்தளம் போதும். அதற்கு மேலே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையோ மரச் சாரமோ பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டதால், எது என்று காட்டும் தடயம் மிகக் குறைவு.