இரண்டு லாரிகள், இரண்டு தீர்ப்புகள்: குற்ற ஆயத்தம் எங்கே முயற்சியாக மாறுகிறது?

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நெல் மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சாபிலிருந்து டெல்லியை நோக்கிச் சென்றது. பஞ்சாபிலிருந்து உரிய அனுமதி இல்லாமல் நெல்லை வெளியே கொண்டுபோவதை அன்றிருந்த கட்டுப்பாட்டு ஆணை தடை செய்திருந்தது. டெல்லிக்கு 32 மைல் தொலைவிலுள்ள சமால்கா சோதனைச்சாவடியில் லாரி நிறுத்தப்பட்டது. சரக்கு டெல்லிக்குத்தான் போகிறது என்பதை லாரியில் இருந்த தாள்களே காட்டின. ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

இன்று சமால்கா ஹரியானாவில் இருக்கிறது. ஹரியானா உருவாவதற்கு முந்தைய அந்நாளில் அது பஞ்சாபின் பகுதி. அன்றைய மாநில எல்லை டெல்லியிலிருந்து 18 மைல் தொலைவில் இருந்ததால், எல்லையைத் தொட லாரி இன்னும் 14 மைல் ஓடியிருக்க வேண்டும். நெல்லை வெளியே கொண்டுபோகும் குற்றம் நடக்கவில்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான முயற்சியாவது நடந்ததா என்பதே மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி.

ஒரு குற்றம் மனத்தில் எண்ணமாகத் தோன்றி, ஆயத்தமாக வளர்ந்து, முயற்சியாகி, பின்பு நிறைவேறுகிறது என்று குற்றவியல் சட்டம் படிநிலைகளைப் பிரிக்கிறது. வெறும் எண்ணத்துக்குத் தண்டனை கிடையாது; ஆயத்தத்துக்கும் பொதுவாகக் கிடையாது. முயற்சி தொடங்கிய நொடியிலிருந்து தண்டனை உண்டு. ஆயினும் முயற்சி என்றால் என்ன என்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511ஆம் பிரிவும் வரையறை தரவில்லை. 2024 ஜூலை முதல் அதன் இடத்தைப் பிடித்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவும் தரவில்லை. குற்றத்தைச் செய்ய முயன்று, அம்முயற்சியில் குற்றத்தை நோக்கி ஏதேனும் ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும் என்ற அளவோடு சட்டம் நின்றுவிடுகிறது. மீதி வேலையை வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்களே செய்து வந்திருக்கின்றன.

மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இல் கையாண்ட சோதனை, மனம் மாறுவதற்கான வாய்ப்பைப் பற்றியது. குற்றவாளி இந்த இடத்தில் மனம் மாறி மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நின்றுவிட்டால், அதுவரை அவர் செய்தவை யாருக்கும் தீங்கற்றவையாக இருக்குமா? ஆம் என்றால் அது ஆயத்தம். பஞ்சாபுக்குள்ளேயே நெல்லை ஏற்றிக்கொண்டு ஓடுவது தன்னளவில் குற்றமில்லை. வழியில் யாராவது எச்சரித்து, அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று உணர்ந்து, எல்லைக்கு முன்பே லாரி திரும்பியிருக்கலாம். எனவே இது ஆயத்தமே என்று கூறி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இனி இரண்டாவது லாரி. 1968 செப்டம்பரில் ஓர் இரவு, தகவல் கிடைத்துக் காத்திருந்த சுங்கத்துறை அதிகாரிகள் மும்பையிலிருந்து ஒரு ஜீப்பையும் ஒரு லாரியையும் பின்தொடர்ந்தனர். வண்டிகள் வசாய் பக்கத்தில் காமன் கழிமுகப் பாலத்தருகே நின்றன. லாரியிலிருந்து எதையோ இறக்கித் தரையில் வைப்பது தெரிந்தது. அதே வேளையில் கழிமுகத்தின் பக்கமிருந்து இயந்திரப் படகின் ஓசையும் கேட்டது. அதிகாரிகள் சுற்றிவளைத்துச் சோதித்தபோது வெள்ளிக் கட்டிகள் அகப்பட்டன. லாரியில் அவை மரத்தூள் மூட்டைகளுக்கு அடியில் மறைக்கப்பட்டிருந்தன.

விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. அமர்வு நீதிமன்றம் விடுவித்தது. வெள்ளியைப் படகில் ஏற்றும்வரை அவர்கள் மனம் மாறியிருக்கலாம், அதுவரை நடந்ததெல்லாம் ஆயத்தமே என்பது விடுதலைக்கு அடிப்படை. உயர் நீதிமன்றமும் இதை ஏற்றது. மல்கியத் சிங் சோதனையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இந்த முடிவுதான் வரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் வெள்ளிக் கட்டியால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் 1980இல் முகமது யாகூப் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றி, கடத்தல் முயற்சி நடந்தது என்று முடிவு செய்தது.

அத்தீர்ப்பில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியாக எழுதிய கருத்தே இத்துறையில் மிகவும் தெளிவானது என்பது என் எண்ணம். செயல் குற்றத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை மைல் கணக்கிலோ மணிக் கணக்கிலோ அவர் அளக்கவில்லை. அச்செயல் குற்றவாளியின் உள்நோக்கத்தை எவ்வளவு தெளிவாக வெளிக்காட்டுகிறது என்று அளந்தார். அதே லாரியைப் பயணம் தொடங்கிய இடத்திலோ வழியிலுள்ள ஷிர்சாட் நாக்காவிலோ நிறுத்தியிருந்தால், வெள்ளியை எங்கோ கொண்டுபோகிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஆளரவமற்ற கழிமுகத்துக்கு வந்த பிறகு, நாட்டை விட்டு வெளியேற்றும் எண்ணம் தென்படத் தொடங்குகிறது. அப்போதும்கூட, நம் கடற்கரையிலேயே வேறோர் ஊருக்கு அனுப்பவிருந்தோம் என்று வாதாட இடமிருக்கிறது. நள்ளிரவில் மறைவாக இவையெல்லாம் நடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உள்நோக்கம் போதிய உறுதியுடன் வெளிப்படுகிறது. ஒரே சரக்கும் ஒரே மனிதர்களும் இருக்க, எந்த இடத்தில் எந்தச் சூழலில் பிடிபட்டார்கள் என்பதைப் பொறுத்து ஆயத்தம் முயற்சியாகிறது.

மனம் மாறும் வாய்ப்பு என்ற சோதனையை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அதை மல்கியத் சிங் வழக்கின் உண்மைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்றார். ஆனாலும் இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஓர் உரசல் இருந்துகொண்டேயிருக்கிறது. நெல் லாரியில் போகுமிடம் தாளிலேயே எழுதியிருந்தது. உள்நோக்கத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெள்ளி வழக்கிலோ நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் முன்னது ஆயத்தம், பின்னது முயற்சி. நோக்கம் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. குற்றத்துக்கு நியாயமான அளவு நெருங்கிய ஒரு செயலும் வேண்டும், அச்செயலிலும் அதன் சூழலிலும் நோக்கம் புலப்பட வேண்டும் என்று படித்தால்தான் இரண்டும் பொருந்துகின்றன.

குற்றத்துக்கு முந்தைய கடைசிச் செயலைச் செய்திருந்தால்தான் முயற்சி என்ற பழைய ஆங்கிலேயச் சோதனையை இந்திய நீதிமன்றங்கள் முன்பே கைவிட்டுவிட்டன. 1961இல் முடிவான அபயானந்த் மிஸ்ரா வழக்கில், பட்டதாரி என்றும் ஆசிரியர் என்றும் பொய் சொல்லி, போலிச் சான்றிதழ்களுடன் பாட்னா பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. தேர்வுக்கு ஒருவர் விண்ணப்பித்தார். நுழைவுச்சீட்டு அவர் கையில் சேருமுன்பே உண்மை தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தைத் தயாரித்து முடித்ததோடு ஆயத்தம் முடிந்தது, அதை அனுப்பிய நொடியில் ஏமாற்றும் முயற்சி தொடங்கியது என்றது உச்ச நீதிமன்றம்.

இந்தக் கோடு காவலருக்கும் சுங்க அதிகாரிக்கும் தீராத இக்கட்டைத் தருகிறது. சீக்கிரம் பிடித்தால் ஆயத்தம் என்று வழக்கு தோற்கும். காத்திருந்தால் சரக்கு கைநழுவிப் போகும். அதனால் சில குற்றங்களில் சட்டமன்றங்கள் கோட்டையே முன்னுக்கு நகர்த்தியிருக்கின்றன. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து நடத்தும் கூட்டுக்கொள்ளைக்கு ஆயத்தமாவதே தனிக் குற்றம். வெள்ளி வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே, 1973இல், சுங்கச் சட்டத்தில் 135ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டவிரோத ஏற்றுமதிக்கு ஆயத்தம் செய்து, தன் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட தடை வந்தாலன்றி நிறுத்தமாட்டார் என்று சூழ்நிலையிலிருந்து நியாயமாக ஊகிக்கக்கூடிய ஒருவருக்கு அப்பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அச்சட்டத்தைப் பொறுத்தவரை, லாரி கழிமுகத்தை எட்டும்வரை அதிகாரி காத்திருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. நெடுஞ்சாலையிலேயே நிறுத்தினாலும், மனஉறுதியைக் காட்டும் சூழ்நிலையை மட்டும் அவர் மெய்ப்பித்தாக வேண்டும்.