சிதறல் வரைபடம்: இரண்டு பாட மதிப்பெண்களை ஒரே படத்தில் பார்ப்பது

ஆங்கிலத்தில் 'ஸ்கேட்டர் பிளாட்' என்பதைத் தமிழில் சிதறல் வரைபடம் என்கிறோம். பாடநூல்களில் சிதறல் விளக்கப்படம் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒருவரைப் பற்றிய இரண்டு அளவுகளை எடுத்து, ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் வைத்து, அவருக்கென்று ஒரே ஒரு புள்ளி இடுவது. வகுப்பில் பன்னிரண்டு பேர் என்றால் படத்தில் பன்னிரண்டு புள்ளிகள், அவ்வளவுதான்.

'பிளாட்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மனை வாங்கும்போது சொல்கிறோமே, அதே பிளாட்தான். பழைய ஆங்கிலத்தில் சிறு நிலத்துண்டைக் குறித்த சொல், பிறகு அந்த நிலத்தின் வரைபடத்தையும், அப்புறம் தாளில் புள்ளி குறிப்பதையும் குறிக்கத் தொடங்கியது. 'சிதறல்' என்பதில்தான் எனக்குச் சின்ன மனக்குறை. ஒளிச்சிதறல் என்னும்போது ஒளி நிஜமாகவே சிதறுகிறது. இந்தப் படத்திலோ புள்ளிகள் சிதறாமல் ஒரு கோட்டை ஒட்டி வரிசையாக நின்றாலும் பெயர் சிதறல்தான். ஆனாலும் பள்ளியில் பழகிவிட்ட சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

இந்த வகைப் படத்தை முதலில் கையாண்டவர்களில் ஒருவராக வானியலாளர் ஜான் ஹெர்ஷலைச் சொல்வார்கள். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் கோணத்தை ஆண்டுகளுக்கு எதிராகப் புள்ளிகளாக இட்டு, அவற்றின் ஊடே கண்ணளவில் ஒரு வளைகோட்டை வரைந்தார். அந்தக் கட்டுரை 1833-இல் வெளிவந்தது. அளவீடுகளில் பிழை நிறைய இருந்ததால், தனித்தனி எண்களை நம்புவதைவிட எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து காட்டும் போக்கை நம்பலாம் என்பது அவர் எண்ணம்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் பன்னிரண்டு மாணவர்கள் கணிதத்திலும் சமூக அறிவியலிலும் வாங்கிய மதிப்பெண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இணையிலும் முதல் எண் கணிதம்:

35–48, 38–42, 42–51, 40–45, 36–39, 72–70, 78–81, 81–74, 85–83, 90–88, 76–78, 88–41.

இரண்டும் நூற்றுக்கு நூறு பாடங்கள் என்பதால் இவற்றை எடுத்தேன். அறிவியல் என்றால் எழுத்துத் தேர்வு 75-க்குத்தான். அதை நூற்றுக்கு மாற்றாமல் அப்படியே இட்டால் எல்லாப் புள்ளிகளும் கீழே இறங்கி, வகுப்பே அறிவியலில் மோசம் என்பதுபோல் தோன்றும்.

வரைகட்டத் தாளில் இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 10 மதிப்பெண் என்று எடுத்தால் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் படம் அடங்கிவிடும். புள்ளிக்குப் பதில் சிறு பெருக்கல் குறி இடுவது நல்லது, சரியான இடம் தெரியும். 35, 48 என்ற மாணவருக்கு வலப்பக்கம் 3.5 செ.மீ. நகர்ந்து, மேலே 4.8 செ.மீ. ஏறிக் குறிக்க வேண்டும். குறித்து முடித்ததும் பலருக்கும் கை சும்மா இருக்காது, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுவார்கள். அது கூடாது. ஒரு மாணவரிடமிருந்து அடுத்த மாணவருக்குப் போகும் வழி என்று எதுவும் இல்லை. மூலையிலிருந்து மூலைக்கு, கணிதமும் சமூக அறிவியலும் சமமாக இருக்கும் சாய்கோட்டை மட்டும் பென்சிலில் மெலிதாக இட்டுக்கொள்ளலாம். அதற்கு மேலே இருப்பவர்களுக்குச் சமூக அறிவியலில் கூடுதல், கீழே இருப்பவர்களுக்குக் கணிதத்தில் கூடுதல்.

இப்போது படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு கூட்டங்கள். இடப்பக்கம் கீழே ஐந்து பேர், வலப்பக்கம் மேலே ஆறு பேர், நடுவில் வெற்றிடம். இப்படிச் சேர்ந்து நிற்பதை 'கிளஸ்டர்' என்பார்கள், தமிழில் கொத்து. கீழ்க் கொத்து 35-ஐ ஒட்டித் தொடங்குவதைக் கவனியுங்கள். தேர்ச்சி எல்லை அது. பெரிய வகுப்பின் படத்தில் 32, 33, 34 காலியாகவும் 35, 36-இல் நெரிசலாகவும் இருந்தால், அது மாணவர்களின் கொத்து மட்டுமல்ல, திருத்தியவரின் கருணையும் அதில் கலந்திருக்கலாம்.

அடுத்தது போக்கு, அதாவது 'டிரெண்டு'. கணிதம் ஏற ஏறச் சமூக அறிவியலும் ஏறுகிறது. இதை எண்ணால் சொல்வதுதான் ஒட்டுறவுக் கெழு. அது 1 என்றால் எல்லாப் புள்ளிகளும் ஏறும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன, 0 என்றால் நேர்கோட்டுப் போக்கே இல்லை. கடைசி மாணவரை விட்டுவிட்டு மற்ற பதினொரு பேருக்குக் கணக்கிட்டால் 0.98 வருகிறது, கிட்டத்தட்ட நேர்கோடு. ஆனால் இந்த 0.98-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. மேல்க் கொத்துக்குள் மட்டும் கணக்கிட்டால் 0.85, கீழ்க் கொத்துக்குள் வெறும் 0.5. இரண்டு கொத்துகளும் தூரத்தில் நிற்பதுதான் மொத்த எண்ணை இவ்வளவு தூக்கிவிடுகிறது. கீழே இருக்கும் ஐவரில் ஒருவரின் கணித மதிப்பெண்ணை வைத்து அவருடைய சமூக அறிவியலை ஊகிக்க முயன்றால் பெரும்பாலும் தவறிவிடும். அதோடு, ஐந்து, ஆறு பேரை வைத்துப் போடும் கெழு ஒருவர் மாறினாலே ஆடிப்போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மிச்சம் இருப்பவர் 88–41. 'அவுட்லையர்' என்ற சொல்லை அப்படியே பிரித்தால் வெளியே கிடப்பது என்று பொருள். சிலர் விலகல் புள்ளி என்று எழுதுகிறார்கள். திட்ட விலகல் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அது குழப்பும். ஒதுங்கிய புள்ளி என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தப் படம் எதற்கு என்பதற்கு இந்த ஒரு புள்ளியே போதும். மதிப்பெண் பட்டியலில் கணித நெடுவரிசையை மட்டும் பாருங்கள், 88-இல் வியப்பு ஒன்றுமில்லை, 90-கூட இருக்கிறது. சமூக அறிவியல் நெடுவரிசையில் 41-உம் சாதாரணம், 39 வாங்கியவரும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் இவர் கண்ணில் படவே மாட்டார். இரண்டையும் சேர்த்துப் புள்ளியாக இட்ட பிறகுதான் வலப்பக்கம் கீழே தன்னந்தனியாக நிற்பது தெரிகிறது. இவரையும் சேர்த்தால் கெழு 0.98-இலிருந்து 0.75-க்கு இறங்குகிறது. ஒருவர் செய்யும் வேலை!

அதற்காக அவரை அழித்துவிடக் கூடாது. முதலில் விடைத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். 81 என்பது 41 என்று பதிவாகியிருக்கலாம், கூடுதல் தாளின் மதிப்பெண் கூட்டலில் விடுபட்டிருக்கலாம். தேர்வுக்கு வராதவருக்கு 0 என்று பதிந்து, புள்ளி அச்சிலேயே போய் ஒட்டிக்கொள்வதும் வழக்கமாக நடப்பது. அப்படிப்பட்டவரைப் படத்திலிருந்து நீக்கலாம், ஏனென்றால் அந்த 0 மதிப்பெண்ணே அல்ல. தாளில் உண்மையிலேயே 41-தான் என்றால் புள்ளி அங்கேயே இருக்க வேண்டும். ஒருவேளை அவர் வேறு பயிற்று மொழியிலிருந்து இந்த ஆண்டுதான் மாறி வந்திருக்கலாம். கணிதத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, பத்தி பத்தியாக விடை எழுத வேண்டிய பாடத்தில் தெரிந்துவிடும். காரணம் எதுவென்று படம் சொல்லாது. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

கணினியில் எக்செலில் வரைவதானால், முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, கணிதத்தை B நெடுவரிசையிலும் சமூக அறிவியலை C-யிலும் இட்டு, விளக்கப்பட வகையில் Line அல்ல, Scatter என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். Line கொடுத்தால் கிடை அச்சில் மதிப்பெண்ணுக்குப் பதில் வரிசை எண் வந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பாடங்களும் தனித்தனிக் கோடுகளாக ஓடும். கெழுவுக்கு இது போதும்:

```
=CORREL(B2:B13,C2:C13)
```