நோட்ஸ் என்றால் குறிப்பு

தண்டையார்பேட்டையில் நான் எடுக்கும் மாலை டியூஷனில் "நோட்டு எங்கே?" என்று கேட்டால் கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டுவார்கள். "நோட்ஸ் எங்கே?" என்றால் கேள்வி பதிலைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் இவை ஒருமையும் பன்மையும்தான். நம் பேச்சில் வேறு வேறு பொருளாகிவிட்டன.

மூலச்சொல் லத்தீன் 'நோட்டா'. அடையாளம், குறி என்று பொருள். தமிழில் 'குறி'யிலிருந்து பிறந்த 'குறிப்பு' அப்படியே இதற்குப் பொருந்துகிறது. திருக்குறளில் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குமே 'குறிப்பறிதல்' என்றுதான் பெயர். அங்கே குறிப்பு என்பது முகத்தின் சாயலைப் பார்த்து உள்ளே இருப்பதை அறிவது. பாடக் குறிப்பும் அதேதான்: இரண்டு சொல்லைப் பார்த்ததும் முழுப் பத்தி நினைவுக்கு வர வேண்டும். 'சுருக்கம்' வேறு; அது பத்தியைச் சின்னதாக்கும், ஆனால் பத்தியாகவே இருக்கும்.

தலைப்பும் குறிதான். போன வாரம் காசிமேட்டுப் பெண் ஒருத்தி இரத்த ஓட்டப் பாடத்துக்கு 'தமனி' என்று தலைப்பிட்டு, கீழே அரைப்பக்கம் புத்தகத்தையே எழுதியிருந்தாள். அதை 'தமனி: இதயத்தை விட்டு வெளியே', 'சிரை: இதயத்துக்குள்ளே' என்று மாற்றினோம். அரைப்பக்கம் இரண்டு வரியாகிவிட்டது.

அப்புறம் கருத்து வரைபடம், அதாவது கருத்துகளைக் கோடுகளால் இணைத்து வரையும் படம். 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும், குழந்தைகளுடைய அறிவியல் புரிதலைக் காட்ட உருவாக்கிய முறை இது. சில பேர் 'மன வரைபடம்' என்றும் சொல்கிறார்கள். நான் இரண்டையும் கலக்க மாட்டேன். மன வரைபடத்தில் நடுவிலிருந்து கிளைகள் பிரிந்தால் போதும். கருத்து வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு இணைப்புச் சொல் இருக்க வேண்டும். அதன் உயிரே அந்தச் சொல்தான்.

அந்தக் காசிமேட்டுப் பெண் தன் கருத்து வரைபடத்தில் 'தமனி'க்கும் 'ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்' என்பதற்கும் வெறும் கோடு போட்டிருந்தாள். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. "கோட்டு மேல ஒரு சொல் எழுதும்மா" என்றேன். 'எடுத்துச் செல்கிறது' என்று எழுதி வாய்விட்டுப் படித்தாள்: தமனி ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை எடுத்துச் செல்கிறது. அங்கேயே நிறுத்தினாள்.

"மிஸ், நுரையீரல் தமனி அப்படி இல்லையே?"

இல்லைதான். அது ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நுரையீரல் சிரை. இந்த விலக்கைச் சொல் இல்லாத கோடு மறைத்துவிட்டது. கோட்டை வாக்கியமாகப் படிக்க முடியவில்லை என்றால், அந்த இடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

அவள் 'தமனி'யிலிருந்து இன்னொரு கோடு இழுத்து, மேலே 'ஒன்று மட்டும் விலக்கு' என்று எழுதினாள்.